355ஐ விட 400 கூடத்தானே?

அண்ணா, புறக்கோட்டையில் எங்கள் துணிக்கடைக்குள் சாமான் அடுக்க ஒரு மெசனைன் தட்டுப் போடுகிறோம். வரைபடத்தில் 5 மீற்றர் நீளத்துக்கு 203 × 102 × 23 யூ.பி. பீம், எஸ்355 என்று இருக்கிறது. பழைய சோனகத் தெருவில் கேட்டால், "அது கையில் இல்லை, எஸ்எஸ்400 தரலாம், 355ஐ விட 400 கூடத்தானே" என்கிறார்கள். வெல்டிங் பாஸும் சரி என்கிறார். வாங்கலாமா?
– எம்., வெள்ளவத்தை

அன்பின் எம்.,

வாங்க வேண்டாம். குறைந்தபட்சம் அதே அளவு பீமில் வேண்டாம். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லமாட்டேன், அவரும் அந்த இரண்டு எண்களும் ஒரே விஷயத்தைச் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்.

ஐரோப்பியப் பெயரான எஸ்355இல் உள்ள 355, உருக்கு திரும்ப முடியாதபடி நீளத் தொடங்கும் இடம். இதைத்தான் யீல்ட் வலு என்கிறோம், சதுர மில்லிமீற்றருக்கு 355 நியூற்றன். ஜப்பானியப் பெயரான எஸ்எஸ்400இல் உள்ள 400, அது அறுவதற்குமுன் தாங்கும் உச்சம், அதாவது இறுதி வலு. அதன் யீல்ட் 16 மில்லிமீற்றர் தடிப்பு வரை 245தான். எஸ்355இன் இறுதி வலுவோ 470க்குக் குறையாது. எப்படி ஒப்பிட்டாலும் எஸ்எஸ்400 கீழேதான். நம் ஊர் மூத்த எஞ்சினியர்கள் இன்னும் "கிரேட் 43", "கிரேட் 50" என்பார்கள். அந்தப் பழைய பிரித்தானிய எண்களும் இறுதி வலுவிலிருந்து வந்தவை. கிரேட் 50 என்பது இன்றைய எஸ்355.

ஒரு துண்டு உருக்கை இழுவை இயந்திரத்தில் மாட்டிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். முதலில் ஒன்றும் நடப்பதாகவே தோன்றாது. 200 மில்லிமீற்றர் நீளத் துண்டு, யீல்ட் வரும்வரை கால் மில்லிமீற்றர் அளவில்தான் நீளும், விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். பிறகு முள் ஏறாமல் தயங்கி நிற்கும். மேலே படிந்த கறுப்புச் செதில், சரிவான கோடுகளாக உதிரும். அதுதான் யீல்ட். அதற்கப்புறம் விட்டாலும் துண்டு நீண்டபடியே நிற்கும். இன்னும் இழுத்தால் பாரம் மறுபடி ஏறி உச்சத்தைத் தொடும், பின் ஓரிடத்தில் கழுத்துப்போல் ஒடுங்கி, சத்தத்தோடு அறும். அதற்குள் பல பத்து மில்லிமீற்றர் நீண்டிருக்கும். பீம் அறுவதற்கு வெகுமுன்பே தட்டு நிரந்தரமாகத் தொய்ந்துவிடும் என்பதால் கணக்கை யீல்டில்தான் போடுகிறோம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எச்சரிக்கை கொடுப்பதற்கானது, பாரம் ஏற்றுவதற்கானதல்ல.

உங்கள் பீமையே எடுப்போம். மீற்றருக்கு ஏறத்தாழ 1 தொன் துணி என்று வைத்து, தட்டின் எடையையும் பாதுகாப்புக் காரணிகளையும் சேர்த்தால் மீற்றருக்கு 20 கிலோநியூற்றன். நடுவில் பீமை வளைக்கப் பார்க்கும் வளைவுத் திருப்பம் 62.5 கிலோநியூற்றன் மீற்றர். அந்த பீம் எஸ்355இல் 83 வரை தாங்கும், எஸ்எஸ்400இல் 57தான். நாளைக்கே விழுந்துவிடாது, ஆனால் தீபாவளிச் சரக்கு வந்து குவிகிற நாளுக்கென்று வைத்த இருப்பு போய்விடும். (மேல் பட்டையைத் தட்டு பக்கவாட்டில் அசையாமல் பிடித்திருக்கிறது என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு.)

இனி ஒரு வேடிக்கை. அந்த 1 தொன்னுக்கு இந்த பீம் எவ்வளவு தொய்யும் என்று பார்த்தேன், 19 மில்லிமீற்றர் வருகிறது. நீளத்தில் 360இல் ஒரு பங்கு என்ற வழக்கமான எல்லையோ 14க்குள். இங்கே எஸ்355 வாங்கியும் பயனில்லை, ஏனென்றால் யீல்டுக்குக் கீழே எல்லாக் கட்டட உருக்கும் ஒரே அளவுதான் வளையும். தரம் கூடினால் விறைப்பு கூடாது. ஆழம் கூடினால்தான் கூடும்.

அதைவிட ஆழமான 254 × 102 × 25 பீமை எடுத்தால், எடை மீற்றருக்கு 2 கிலோ மட்டுமே கூட. தொய்வு 12 மில்லிமீற்றருக்குள் வந்துவிடும். எஸ்எஸ்400இலேயே 75 தாங்கும். ஆக, கடைக்காரர் தரும் உருக்கு உங்களுக்குப் போதும், அளவுதான் வேறு. பாரம் என் ஊகம் என்பதால், வரைந்த எஞ்சினியரிடம் காட்டி மாற்றிக் கையொப்பம் வாங்குங்கள்.

வாங்கும்போது மில் சான்றிதழைக் கேளுங்கள். யீல்ட், இறுதி வலுவைச் சொல்லும் டென்சைல் என இரண்டு நிரல்கள் இருக்கும், யீல்டைப் பாருங்கள். உருக்கு எந்த வார்ப்பிலிருந்து வந்தது என்று சொல்லும் ஹீட் நம்பர் பீமில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். அதில் யீல்ட் 290 என்று இருந்தாலும் கணக்குக்கு 245தான், சோதித்த துண்டு உங்கள் பீம் அல்ல.

புதிய பீம் 5 சென்றிமீற்றர் கூடுதல் ஆழம். தட்டுக்குக் கீழே ஆள் நிமிர்ந்து நடக்க இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்.