வளைகுடா வேலைக்கு சைட் சூப்பர்வைசர் ரெஸ்யூமே: ஆள், ட்ரேடு, சேஃப்டி, மதிப்பு எல்லாம் எப்படி எழுதுவது?

கேள்வி: டிப்ளமோ சிவில் முடிச்சு 9 வருஷமா சென்னையில சைட் சூப்பர்வைசரா இருக்கேன். கல்ஃப் போகணும். எத்தனை ஆளை வச்சு வேலை வாங்கினேன், என்னென்ன ட்ரேடு, சேஃப்டி, ப்ராஜெக்ட் மதிப்பு இதையெல்லாம் ரெஸ்யூமேல எப்படிப் போடணும்?

கத்தாரிலும் அமீரகத்திலும் சைட்டில் வேலை பார்த்தவன் நான். சூப்பர்வைசர் எடுக்கும்போது வந்து குவியும் ரெஸ்யூமேக்களைப் படித்து, இன்டர்வியூ மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட நான்கையும் படிக்கிறவர் சேர்த்து வைத்துத்தான் பார்ப்பார். ஆள் எண்ணிக்கையைப் பார்த்ததும் ஸ்லாப் எத்தனை நாளுக்கு ஒன்று போட்டார்கள் என்று தேடுவார், அப்புறம் மேன் ஹவர்ஸைப் பார்த்து மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவார், கடைசியில் ப்ராஜெக்ட் மதிப்பு இந்த ஆளுக்கும் இந்த வேலைக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். சைட்டில் வளர்ந்த ஆளுக்கு இந்தக் கணக்குக்கு ஒரு நிமிடம் போதும். பெரிய எண் போட்டால் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டாத எண்தான் ரெஸ்யூமேயை ஓரம் கட்டுகிறது.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பழைய மகாபலிபுரம் சாலையில் மூன்று பிளாக் அபார்ட்மென்ட், ஒவ்வொன்றும் ஸ்டில்ட் பிளஸ் 9 மாடி, ஒரு மாடி 600 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு பிளாக்கை அஸ்திவாரம் முதல் பிளாஸ்டரிங் வரை 18 மாதம் பார்த்தீர்கள்.

முதலில் ஆள் எண்ணிக்கை. நம்மூர் ரெஸ்யூமேக்களில் பாதிக்கு மேல் "300 தொழிலாளர்களை மேற்பார்வையிட்டேன்" என்று இருக்கும். அது சைட் கேட்டில் போடும் வருகைக் கணக்கு, ஒரு சூப்பர்வைசரின் கணக்கு இல்லை. உங்களுக்கென்று காலையில் வேலை பிரித்துக் கொடுத்தது எத்தனை பேருக்கு, அதை மட்டும் எழுதுங்கள். அதிகபட்சம் எவ்வளவு, சராசரி எவ்வளவு என்று இரண்டும் வேண்டும். ஸ்லாப் ஓடும்போது 62 பேர் இருந்திருப்பார்கள், அஸ்திவாரத்திலும் கடைசி மாதங்களிலும் 30 பேர்தான் இருந்திருப்பார்கள், சராசரி 45 வரும். கூடவே அவர்கள் கம்பெனி ஆட்களா, லேபர் கான்ட்ராக்ட் மேஸ்திரிகளின் ஆட்களா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். "மூன்று மேஸ்திரிகள் வழியாக 62 பேர்" என்று எழுதுவதில் ஒரு குறையும் கிடையாது. வளைகுடாவிலும் ஃபோர்மேன், சார்ஜ்ஹேண்ட் வழியாகத்தான் சூப்பர்வைசர் வேலை வாங்குகிறார், அதனால் அது அவர்களுக்கு உடனே புரியும்.

அடுத்து ட்ரேடு. "அனைத்து சிவில் பணிகளும்" என்று எழுதினால் எதுவும் எழுதாத மாதிரிதான். 62 பேரைப் பிரித்துக் காட்டுங்கள்: ஷட்டரிங் கார்பெண்டர் 20, ஸ்டீல் ஃபிக்சர் 14, மேசன் 8, ஹெல்பர் 20. நாம் பார் பெண்டர், சென்ட்ரிங் ஆள் என்று சொல்வதை அங்கே வேறு பெயரில் சொல்வார்கள், அந்த வேலைக்கு வந்த விளம்பரத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஆட்களை வைத்து என்ன முடித்தீர்கள் என்பது வர வேண்டும். இந்த ஸ்லாப்புக்கு பீமோடு சேர்த்து கான்கிரீட் சுமார் 130 கன மீட்டர், கம்பி சுமார் 14 டன், ஷட்டரிங் சுமார் 1000 சதுர மீட்டர். 14 நாளுக்கு ஒரு ஸ்லாப்.

இதைப் படிக்கிறவர் எப்படிச் சரிபார்ப்பார் என்று பாருங்கள். ஒரு ஸ்டீல் ஃபிக்சர் ஹெல்பர் துணையோடு ஒரு நாளைக்கு 180 கிலோ கட்டினால் 14 பேர் இரண்டரை டன் கட்டுவார்கள், 14 டன்னுக்கு ஆறு நாள் ஆகும். ஒரு கார்பெண்டர் நாளைக்கு 6 சதுர மீட்டர் அடித்தால் 20 பேர் 120, ஆக 1000 சதுர மீட்டருக்கு எட்டு ஒன்பது நாள். இரண்டு வேலையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடும், நடுவில் தூண் வேலையும் இருக்கிறது, 14 நாள் சரியாக வருகிறது. இதே ஆட்களை வைத்து 7 நாளில் ஸ்லாப் போட்டேன் என்று எழுதினால், அலுமினியம் ஃபார்ம்வொர்க்கா, இரண்டு செட் ஷட்டரிங்கா, நைட் ஷிஃப்டா என்று கேள்வி வரும். பதில் இருந்தால் அதையும் ரெஸ்யூமேயிலேயே போடுங்கள், இல்லையென்றால் 14 என்றே எழுதுங்கள். 14 நாள் கேவலமான எண் இல்லை.

சேஃப்டியில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். "50 லட்சம் மேன் ஹவர்ஸ், எல்டிஐ கிடையாது" என்று எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருப்பார்கள். உங்கள் கணக்கைப் பாருங்கள்: சராசரி 45 பேர், 10 மணி நேரம், மாதம் 26 நாள், மாதத்துக்கு 11,700 மணி நேரம். 18 மாதத்துக்கு 2,10,600. இந்த ஆட்களை வைத்து 50 லட்சம் தொட வேண்டுமென்றால் 35 வருஷத்துக்கு மேல் ஆகும். ஆக, உங்கள் வரி "சுமார் 2.1 லட்சம் மேன் ஹவர்ஸ், எல்டிஐ இல்லை". முழு ப்ராஜெக்ட்டின் எண் தெரிந்தால் தனியாக, "ப்ராஜெக்ட் மொத்தம்" என்று சொல்லிப் போடலாம். எல்டிஐ என்றால் அடிபட்டவர் அடுத்த ஷிஃப்டுக்கு வேலைக்கு வர முடியாத காயம். கையில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால் அது ஃபர்ஸ்ட் எய்டு கேஸ். இந்த வித்தியாசத்தை இன்டர்வியூவில் கேட்பார்கள். உங்கள் பிளாக்கில் எல்டிஐ நடந்திருந்தால் மறைக்காதீர்கள். எல்டிஐ ஒன்று, அதற்குப் பிறகு என்ன மாற்றினோம் என்று எழுதியவரைத்தான் நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் அவர் விசாரணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்.

எண்ணுக்குப் பிறகு நீங்கள் கையால் செய்தது என்ன என்பது வேண்டும். தினம் காலையில் டூல்பாக்ஸ் டாக் எடுத்தீர்களா, எந்த மொழியில்? பீகார், ஒடிசா, வங்காளத்து ஆட்களிடம் இந்தியில் எடுத்திருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள், வளைகுடா சைட்டில் இந்தி பேசி வேலை வாங்கத் தெரிந்த சூப்பர்வைசருக்குத் தனி மதிப்பு உண்டு. சாரத்தில் பச்சை டேக் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆளை ஏற்றினீர்களா, ஸ்லாப் ஓரத்திலும் லிஃப்ட் குழியிலும் தடுப்பு போட்டது யார், பள்ளத்தின் பக்கச் சுவருக்கு முட்டு கொடுத்தீர்களா, எத்தனை ஆழத்தில்? இதெல்லாம் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வரி.

உங்கள் சைட்டில் பர்மிட் டு வொர்க் முறையே இல்லையென்றால் இருந்ததாக எழுதாதீர்கள். நம்மூர் நடுத்தர சைட்டுகள் பலவற்றில் அது பேப்பரில் இருக்காது, அது இன்டர்வியூ எடுக்கிறவர்களுக்கும் தெரியும். ஆனால் எழுதிவிட்டால் அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும்: வெல்டிங் பர்மிட்டில் யார் கையெழுத்துப் போடுவார், ஷிஃப்ட் முடிந்தால் அந்தப் பர்மிட் என்ன ஆகும், வேலை நின்ற பிறகும் ஃபயர் வாட்ச் ஏன் அங்கேயே நிற்கிறார்? அங்கே திணறினால் மீதி இருக்கும் உண்மையான வரிகளையும் சந்தேகப்படுவார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் என் கருத்து, சூப்பர்வைசருக்கு ஐஓஎஸ்ஹெச் மேனேஜிங் சேஃப்லி அல்லது ஓஷா 30 மணி நேரப் படிப்பு போதும். நெபோஷ் நல்ல படிப்புதான், ஆனால் அது சேஃப்டி ஆஃபீசர் ஆகப் போகிறவருக்கு. எது வைத்திருந்தாலும் சான்றிதழ் எண்ணும் முடித்த தேதியும் போடுங்கள்.

ப்ராஜெக்ட் மதிப்பு. மூன்று பிளாக்கும் சேர்த்து ஒப்பந்தம் 45 கோடி என்றால், அதை மட்டும் போட்டால் படிக்கிறவருக்கு உங்கள் பங்கு தெரியாது. இரண்டு எண் போடுங்கள்: மொத்தம் 45 கோடி, அதில் நீங்கள் பார்த்த பிளாக்கின் ஸ்ட்ரக்சர் வேலை சுமார் 6 கோடி. உங்களிடம் சரியான எண் இல்லையென்றால் பில்லிங் பார்த்த இன்ஜினியரிடம் கேட்டு வாங்குங்கள், அனுமானமாகப் போடாதீர்கள். கோடி, லட்சம் என்று எழுதினால் அங்கே உள்ள பிரிட்டிஷ்காரரோ எகிப்தியரோ படிக்கும்போது நின்றுவிடுவார், ஆகவே டாலரில் போடுங்கள். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் சுமார் 5.3 மில்லியன், உங்கள் பங்கு சுமார் 0.7 மில்லியன். எந்த விகிதத்தில் மாற்றினீர்கள் என்று அடியில் குறிப்பிடுங்கள். சவுதி ரியாலும் திர்ஹாமும் கத்தார் ரியாலும் டாலரோடு நிலையாகக் கட்டப்பட்டவை, அதனால் டாலர் தெரிந்தால் மீதியை அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

சரி, இவ்வளவையும் சேர்த்தால் அந்த ஒரு ப்ராஜெக்ட் ரெஸ்யூமேயில் இப்படி வரும், ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

"குடியிருப்பு, 3 பிளாக், ஸ்டில்ட் பிளஸ் 9, சென்னை. மொத்த மதிப்பு 5.3 மில்லியன் டாலர், என் பொறுப்பு ஒரு பிளாக்கின் ஸ்ட்ரக்சர் 0.7 மில்லியன், தொடர்ந்து அதே பிளாக்கில் சுவர் கட்டும் வேலையும் பிளாஸ்டரிங்கும். மூன்று மேஸ்திரிகள் வழியாக அதிகபட்சம் 62 பேர், சராசரி 45. கார்பெண்டர் 20, ஸ்டீல் ஃபிக்சர் 14, மேசன் 8, ஹெல்பர் 20. 600 சதுர மீட்டர் ஸ்லாப், 14 நாளுக்கு ஒன்று, 10 ஸ்லாப். 2.1 லட்சம் மேன் ஹவர்ஸ், எல்டிஐ இல்லை. தினசரி டூல்பாக்ஸ் டாக், தமிழ், இந்தி."

மேன் ஹவர்ஸை மட்டும் ஆங்கிலத்தில் 210,600 என்று இலக்கத்திலேயே போடுங்கள். கடைசி இரண்டு மூன்று ப்ராஜெக்ட்டுக்கு இந்த அளவு விவரம் போதும், அதற்கு முந்தையவை பெயர், வருடம், பதவி என்று ஒரு வரியில் முடியட்டும். மொத்தம் இரண்டு பக்கம். பதவியை சூப்பர்வைசர் என்றே வையுங்கள், சைட் இன்ஜினியர் என்று ஏற்ற வேண்டாம். சவுதியில் இன்ஜினியர் பதவிக்கு அவர்களுடைய இன்ஜினியர்கள் கவுன்சிலில் பதிவு கேட்பார்கள், டிப்ளமோவை வைத்து அங்கே சிக்கல் வரும். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் உள்ள தேதியும் பதவியும் ரெஸ்யூமேயில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

இன்னொன்று, ஏஜென்சிக்காரர்கள் உங்கள் ரெஸ்யூமேயைத் தங்கள் ஃபார்மெட்டில் மாற்றித்தான் கம்பெனிக்கு அனுப்புவார்கள். மாற்றும்போது 62-ஐ 200 ஆக்கி, பர்மிட் சிஸ்டம் என்று ஒரு வரியையும் சேர்த்து அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பையனுக்கே அது தெரியாது, இன்டர்வியூவில் அவன் சொன்னது ஒன்று, எங்கள் கையில் இருந்தது ஒன்று. அனுப்பிய காப்பியைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போங்கள். ஏஜென்சியின் லைசென்ஸை emigrate.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், சட்டப்படி அவர்கள் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டும்.