"சிஸ்டம் எடுத்துக் கொடுத்தது" என்று சொன்னால் போதுமா? பழைய இரும்பு வியாபாரிக்கு வந்த ஜிஎஸ்டி நோட்டீஸ்

கேள்வி: சார், கோவைப் பக்கம் பழைய இரும்பு வாங்கி விற்கிறேன். வரி பாக்கி கிடையாது. இரண்டு வருடத்தில் இரண்டாவது முறையாக ASMT-10 என்ற விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. 2024-25க்கு ஐடிசி, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு, 14,40,000 ரூபாய் அதிகமாக எடுத்துவிட்டேனாம். ஆபீசில் கேட்டால், "நாங்கள் எடுக்கவில்லை, சிஸ்டம் எடுத்துக் கொடுத்தது" என்கிறார்கள். பக்கத்து ஹார்டுவேர் கடைக்கு ஒன்றும் வரவில்லை, எங்கள் தெருவில் இருக்கும் ஏழு இரும்புக் கடைக்கும் வந்திருக்கிறது. தொழிலைப் பார்த்தே பிடிக்கிறார்களா? இதைக் கோர்ட்டில் எதிர்க்க முடியுமா? பேசாமல் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள், குறைந்தபட்சம் நான் கீழே சொல்லும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும்வரை. கோர்ட்டைப் பொறுத்தவரை, "என்னை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்" என்ற கேள்வியை மட்டும் வைத்து இன்றைக்கு ரிட் போட்டால் நிற்காது. ரிட்டர்னைச் சரிபார்க்க எடுப்பது உங்கள் மேல் ஒரு பொறுப்பைச் சுமத்துவதாகாது, அது வெறும் விசாரிப்பு என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். பதில் சொல்லும் வாய்ப்பு கையில் இருக்கும்போது முதலில் அதைப் பயன்படுத்திவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடும்.

ஆனால் அந்த அதிகாரி சொன்ன வாக்கியம் பாதிதான் சரி. தேர்வு செய்வது கணினி என்பது உண்மை. மத்திய ஜிஎஸ்டி வரம்பில் உள்ளவர்களின் ரிட்டர்ன்களை டெல்லியிலுள்ள பகுப்பாய்வு மற்றும் இடர் மேலாண்மைத் தலைமை இயக்குநரகம் தரவுகளை அலசித் தேர்ந்தெடுத்து, எந்த அளவுகோலில் சந்தேகம் வந்தது என்ற குறிப்போடு அதிகாரியின் திரைக்கு அனுப்புகிறது. 2023 மே மாத அறிவுறுத்தல் இந்த முறையை வகுத்திருக்கிறது. மாநில அதிகாரிகளுக்கும் ஜிஎஸ்டியின் கணினி வலையமைப்பான ஜிஎஸ்டிஎன் தரும் பகுப்பாய்வு மென்பொருள் இருக்கிறது. யார் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார் என்று வலை போல வரைந்து காட்டும். இந்த அளவுகோல்களின் எடை என்ன, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை வெளியே யாருக்கும் சொல்வதில்லை. சொன்னால் ஏய்ப்பவன் அதற்கேற்றபடி கணக்கை மாற்றிக்கொள்வான் என்கிறார்கள், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்குக் கோபம் வருவது அடுத்த கட்டத்தில்தான்.

கணினியின் வேலை தேர்வோடு முடிந்துவிட வேண்டும். நோட்டீஸ் தருவது ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 61ன் கீழ் ஒரு அதிகாரி. உங்கள் ரிட்டர்னில் இன்ன முரண்பாடு இருக்கிறது என்று அவர் சொல்ல வேண்டும், முடிந்த இடத்தில் வரி இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று தொகை போட்டுக் காட்ட வேண்டும் என்கிறது விதி 99. சிஸ்டம் தந்த மதிப்பெண் முரண்பாடு ஆகாது. நீங்கள் மத்திய வரம்பா, மாநில வரம்பா என்பது இதில் பொருட்டில்லை. டெல்லி அறிவுறுத்தல் மாநில அதிகாரியைக் கட்டுப்படுத்தாது, ஆனால் பிரிவு 61ம் விதி 99ம் இருவருக்கும் ஒன்றுதான்.

சரி, இப்போது அந்த 14,40,000க்கு வருவோம். இரும்புக் கடைகள் ஏழுக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது என்றதும் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாத ஆளிடம் பழைய இரும்பு வாங்கினால் வாங்குகிற நீங்கள்தான் அவர் சார்பில் ஆர்சிஎம் முறையில் 18 சதவீதம் வரி கட்ட வேண்டும், அதுவும் ரொக்க லெட்ஜரிலிருந்து. கட்டிய பிறகு அதே தொகையை ஐடிசியாக எடுத்துக்கொள்ளலாம். வீடு வீடாகப் பொறுக்கிவரும் தள்ளுவண்டிக்காரரிடமும் சின்ன ஒர்க்‌ஷாப்பிலும் வாங்கும் உங்கள் தொழிலில் இது பெரிய தொகையாக வரும். ஆனால் அந்த விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி எண் இல்லை, அவர்கள் ரிட்டர்ன் போடுவதில்லை, ஆகவே விற்பவர்களின் ரிட்டர்னிலிருந்து உருவாகும் உங்கள் GSTR-2B பட்டியலில் அந்த வாங்கல் வரவே வராது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டில் பதிவுள்ள வியாபாரிகளிடம் 1,75,00,000 ரூபாய்க்கு வாங்கினீர்கள் என்று வையுங்கள், வரி 31,50,000. அது 2Bயில் இருக்கும். அக்டோபருக்குப் பிறகு பதிவில்லாதவர்களிடம் 80,00,000க்கு வாங்கினீர்கள், 18 சதவீதம் 14,40,000, அதை ரொக்கமாகக் கட்டி அப்புறம் ஐடிசி எடுத்தீர்கள். நீங்களே போடும் ரிட்டர்னான GSTR-3Bயில் எடுத்த மொத்த ஐடிசி 45,90,000. 2Bயில் தெரிவது 31,50,000. மொத்தத்தை மொத்தத்தோடு கழித்தால் கிடைப்பது 14,40,000 "அதிக ஐடிசி". யாரும் எதையும் ஏமாற்றவில்லை, ஒரு பைசா அரசுக்கு நஷ்டமில்லை, ஆனாலும் இப்படி ஒப்பிடும் எந்த மென்பொருளும் பழைய இரும்புத் தொழிலையே வரிசையாகச் சிவப்பில் காட்டும். ஹார்டுவேர் கடைக்காரர் பதிவுள்ள கம்பெனிகளிடமே வாங்குவதால் அவருக்கு இந்த வித்தியாசம் எழாது. உங்கள் தொழில் மேல் யாருக்கும் வன்மம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஒப்பிடும் வரிகளைத் தப்பாக எடுத்தாலே போதும்.

ஆகவே நோட்டீஸை எடுத்து எந்தக் கட்டத்தை எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2Bயோடு ஒப்பிட வேண்டியது 3Bயின் 4(A)(5) மட்டும். ஆர்சிஎம் ஐடிசி 4(A)(3)ல் இருக்கும், அதை 3.1(d)யில் நீங்கள் கட்டிய வரியோடுதான் பொருத்திப் பார்க்க வேண்டும். வித்தியாசத் தொகையும் 3.1(d) வரியும் ரூபாய்க்கு ரூபாய் ஒன்றாக வந்தால் விஷயம் அதுதான். இன்னொரு சாத்தியமும் உண்டு: உங்கள் கணக்கர் ஆர்சிஎம் ஐடிசியை 4(A)(5)லேயே போட்டிருக்கலாம், அப்போது கணினி தன் விதிப்படி சரியாகவே பிடித்திருக்கிறது, பிழை நம் பக்கம். அப்படியானால் ஒளிக்காமல் அதை எழுதி, இது தவறான கட்டத்தில் போட்டதே தவிர வரி கட்டப்பட்டுவிட்டது என்று லெட்ஜரைக் காட்டுங்கள். வித்தியாசம் இந்த இரண்டிலும் அடங்காமல் மிச்சம் நின்றால், அந்த மிச்சத்துக்கு இன்வாய்ஸ் வாரியாக விளக்கம் தேவை, அதை நேரில் கொண்டுவாருங்கள்.

பதிலை ASMT-11ல் நோட்டீஸ் சொல்லும் நாளுக்குள் போட வேண்டும், அது 30 நாளுக்கு மேல் இருக்காது. போதவில்லை என்றால் நாள் முடிவதற்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். மாத வாரியாக ஒரு அட்டவணை, ரொக்க லெட்ஜர், நீங்களே போட்ட செல்ஃப் இன்வாய்ஸ்கள், எடைமேடைச் சீட்டு, பணம் கொடுத்த விவரம் ஆகியவற்றை இணையுங்கள். செல்ஃப் இன்வாய்ஸ் இல்லை என்றால் உங்கள் கட்டிடத்துக்கு அஸ்திவாரமே இல்லை. 2024 நவம்பர் 1 முதல் சரக்கு வந்த 30 நாளுக்குள் அதைப் போட்டிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கடைசியில் ஒரு பத்தி சேருங்கள்: எந்த இடர் அளவுகோலின் அடிப்படையில் இந்த ரிட்டர்ன் எடுக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று. தரமாட்டார்கள் என்றாலும் கேட்டதற்குச் சான்று வேண்டும், பின்னால் உதவும்.

அதிகாரி விளக்கத்தை ஏற்றால் ASMT-12 தருவார். இந்தத் தாளை வாங்காமல் விடாதீர்கள். தொல்லை விட்டால் போதும் என்று, தானாக முன்வந்து கட்டும் DRC-03 படிவத்தைப் போட்டு இரண்டு மூன்று லட்சம் கட்டிவிடும் வியாபாரிகளை வாரா வாரம் பார்க்கிறேன், மனசு வேகிறது. அந்தப் பணம் துறையின் கணக்கில் வசூல் என்று ஏறும். பழைய முடிவுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் எந்த முறைக்கும் அது "இந்தத் தொழிலில் தேடினால் கிடைக்கிறது" என்ற பாடம். அதிகம் சோதித்த இடத்தில் அதிகம் அகப்படும், அகப்பட்டதால் இன்னும் அதிகம் சோதிப்பார்கள். தப்பில்லாத இடத்தில் ASMT-12 வாங்குவதுதான் அந்தச் சுழலில் நீங்கள் வைக்கக்கூடிய எதிர்க்கணக்கு.

ஏற்காமல் பிரிவு 74Aன்படி காரணம் கேட்கும் நோட்டீஸ் வந்தால் விளையாட்டு மாறுகிறது, அங்கே நம் கை கொஞ்சம் ஓங்கும். உச்ச நீதிமன்றம் 2022ல் டி. தகானோ எதிர் செபி வழக்கில், முடிவை பாதிக்கக்கூடிய விசாரணை ஆவணங்களைச் சம்பந்தப்பட்டவருக்குத் தர வேண்டும், "நாங்கள் அதை நம்பவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது என்றது. சிஸ்டம் தந்த அறிக்கை கோப்பில் இருந்து அதை வைத்துத்தான் குற்றம் சாட்டுகிறார்கள் என்றால், அதன் நகலை இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேளுங்கள். நேரடி விசாரணையும் கேளுங்கள், பிரிவு 75(4) அதை உரிமையாகத் தருகிறது.

கடைக்கே சோதனைக்கு வந்தால் அது பிரிவு 67. அங்கே இணை ஆணையர் தகுதிக்குக் குறையாத அதிகாரிக்கு "நம்புவதற்குக் காரணம்" இருந்திருக்க வேண்டும், அந்த நம்பிக்கை அவருடையதாக இருக்க வேண்டும். 1976ல் லக்மானி மேவல் தாஸ் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கையிலுள்ள தகவலுக்கும் அதிகாரியின் நம்பிக்கைக்கும் உயிருள்ள தொடர்பு இருக்க வேண்டும் என்றது. "இந்த வியாபாரிக்கு அதிக இடர்" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து அனுமதி தந்திருந்தால் அந்தத் தொடர்பு இல்லை என்று வாதாடலாம், கோப்பை நீதிமன்றம் வரவழைத்துப் பார்க்கும். வந்தவர்களிடம் INS-01 அனுமதியைக் கேட்டுப் பாருங்கள். சோதனையின்போதே பணம் கட்டச் சொன்னால் கட்ட வேண்டியதில்லை, மத்திய மறைமுக வரி வாரியமே 2022ல் அப்படி வசூலிக்கக் கூடாது என்று தன் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது.

இனி, தொழிலைப் பார்த்தே பிடிக்கிறார்களா என்பது. தொழில் வாரியாகச் சோதிப்பதே சட்டவிரோதம் இல்லை. சுங்கச் சட்டத்தின் பிரிவு 17(2)ல் சோதிக்கும் கேஸ்களை முதன்மையாக இடர் மதிப்பீட்டில்தான் தேர்வு செய்ய வேண்டும் என்று நாடாளுமன்றமே 2018ல் எழுதிவைத்தது. இடருக்கும் தேர்வுக்கும் பொருத்தம் இல்லாதபோதுதான் அரசியல் சட்டத்தின் 14ம் உறுப்பு வரும். தன்னிச்சையும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகை என்று உச்ச நீதிமன்றம் 1973ல் சொன்னது நம் மாநிலத்து ராயப்பா வழக்கில்தான். ஆனால் அதை ஒரு கடையின் கதையை வைத்து நிறுவ முடியாது, எண்ணிக்கை வேண்டும்.

ஆகவே ஏழு பேரும் சேருங்கள், முடிந்தால் சங்கத்தையும் சேருங்கள். ஒவ்வொருவருக்கும் எந்த ஆண்டுக்கு, எந்த அளவுகோலில், எவ்வளவு தொகைக்கு நோட்டீஸ் வந்தது, எப்படி முடிந்தது என்று ஒரே தாளில் எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மதிப்பெண் முறையைக் கேட்காதீர்கள், பிரிவு 8ஐக் காட்டி மறுப்பார்கள். உங்கள் சரக வரம்பில் வழங்கிய ASMT-10, ASMT-12 ஆகியவற்றின் மாதாந்திர அறிக்கைகளின் நகலைக் கேளுங்கள். இருக்கிற பதிவைத்தான் தருவார்கள், உங்களுக்காகப் புதிதாகத் தொகுத்துத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல, அதனால் கேள்வியை அப்படி எழுதுங்கள். ஏழில் ஐந்தாறு கேஸ் இதே ஆர்சிஎம் விளக்கத்தில் முடிந்திருந்தால், அந்தத் தாளை மாநில அளவிலான குறைதீர்க்கும் குழுவுக்கு அனுப்பி இந்த ஒப்பீட்டையே திருத்தச் சொல்லலாம். வணிகச் சங்கப் பிரதிநிதிகளும் இருக்கிற குழு அது. அதற்கும் பிறகு நோட்டீஸ் வந்துகொண்டே இருந்தால், அப்போது ரிட் மனுவோடு வைக்க உங்களிடம் ஏதோ இருக்கும்.

இப்போதைக்கு நோட்டீஸ், ஆண்டு முழுவதற்குமான 3B, 2B, அக்டோபரிலிருந்து போட்ட செல்ஃப் இன்வாய்ஸ்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் கணக்கரோடு உட்காருங்கள். நோட்டீஸ் எந்தத் தேதியில் போர்ட்டலில் ஏறியது என்பதை முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், நாள் அங்கிருந்துதான் ஓடத் தொடங்கியிருக்கிறது.