மாத்திரையை இடித்துக் கஞ்சியில் கலக்கலாமா?

"பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவால் மாத்திரை விழுங்க முடியவில்லை. நிஃபெடிபின் எல்ஏ 30 மில்லிகிராம், மெட்ஃபார்மின் எக்ஸ்ஆர், ஒமிப்ரசோல் காப்ஸ்யூல் மூன்றையும் பணிப்பெண் இடித்துக் காலைக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறார். சற்று நேரத்தில் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. மறுநாள் காலையில் அளந்தாலோ ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது. மருந்தின் அளவைக் கூட்டச் சொல்லலாமா டாக்டர்?"
— வாசகி, ஈசூன்

கூட்ட வேண்டாம் அம்மா. நிஃபெடிபின் எல்ஏ தன் 30 மில்லிகிராமை 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும்படி செய்யப்பட்டது. இடித்தால் முழு மருந்தும் ஒரே வேளையில் ரத்தத்தில் இறங்குகிறது. அழுத்தம் சட்டென விழுந்து தலை சுற்றும், முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். இரவுக்குள் மருந்து தீர்ந்துவிடுவதால் விடியற்காலையில் அழுத்தம் ஏறும். இடிப்பது தெரியாத மருத்துவர் அந்தக் காலை அளவை மட்டும் பார்த்தால் அளவைக் கூட்டிவிடுவார். எனக்குப் பெரிய பயம் அதுதான்.

நாளை முதல் இதை இடிக்காதீர்கள், பாதியாக வெட்டவும் வேண்டாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இன்றே பலதுறை மருந்தகத்தை அழைத்து, "விழுங்க முடியவில்லை, இதுவரை இடித்துக் கொடுத்தோம்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அம்லோடிபினுக்கு மாற்றுவார்கள். அது இயல்பாகவே உடலில் நெடுநேரம் தங்கும் மருந்து, அதனால் பொடித்தாலும் இந்தச் சிக்கல் வராது. அப்பா மயங்கி விழுந்தால், அல்லது மேல் அளவு 90க்குக் கீழே போய் அவர் சோர்ந்து கிடந்தால், 995ஐ அழையுங்கள்.

மெட்ஃபார்மின் எக்ஸ்ஆருக்கும் இதே கதைதான். சாதாரண மெட்ஃபார்மினைப் பொடிக்கலாம், ஆனால் நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத் தர வேண்டியிருக்கும். ஒமிப்ரசோல் வேறு வகை. அதன் மணிகளுக்கு வயிற்று அமிலம் தாக்காத பூச்சு உண்டு, இடித்தால் அமிலமே மருந்தை அழித்துவிடும். மணிகள் உள்ள காப்ஸ்யூல் என்றால், மருந்தாளர் சரி சொன்ன பிறகு திறந்து, ஒரு கரண்டித் தயிரில் தூவி, மெல்லாமல் விழுங்க வைக்கலாம்.

பெட்டியில் எல்ஏ, எக்ஸ்ஆர், எஸ்ஆர், சிஆர், இசி போன்ற எழுத்துகள் இருந்தால் இடிக்கக் கூடாது. எழுத்து இல்லை என்பதற்காக இடித்துவிடவும் கூடாது. நடுவில் கோடு இருந்தால் பாதியாக்கலாம் என்றுதான் பொருள், பொடிக்கலாம் என்றல்ல. சில மருந்துகளின் தூள் இடிப்பவருக்கே ஆகாது. புரோஸ்டேட்டுக்குத் தரும் ஃபினாஸ்டரைடு உடைந்திருந்தால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. பணிப்பெண்ணுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பொடிக்கத் தகுந்த மருந்தையும் கஞ்சிக் கிண்ணம் முழுவதிலும் கலக்காதீர்கள். அப்பா பாதியில் எழுந்துவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரு கரண்டி உணவில் ஒரு மருந்தை மட்டும் கலந்து முதலில் கொடுங்கள். எந்தக் கெட்டியில் தரலாம் என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளர் விழுங்கும் திறனைச் சோதித்துச் சொல்வார். அந்தப் பரிசோதனைக்கு எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது எல்லா மருந்துப் பெட்டிகளையும், காலை மாலை அழுத்த அளவுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.