காற்றாலை விற்பவர் சொல்லும் 93 சதவீதம்

கேள்வி: 2 மீட்டர் விட்டமுள்ள வீட்டுக் காற்றாலை. நொடிக்கு 6 மீட்டர் காற்றில் 300 வாட் வரும், திறன் 93 சதவீதம் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா சார்? (கொடைக்கானல்)

பதில்: கட்டாதீர்கள். அந்த 93 எந்தக் காற்றாலையாலும் முடியாதது.

இறக்கை சுற்றும் வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மீட்டர். உங்கள் உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 0.95 கிலோதான் இருக்கும். கடல் மட்டத்தில் 1.225. காற்றின் ஆற்றலுக்குப் பாதி அடர்த்தி, பரப்பு, வேகத்தின் மும்மடி ஆகியவற்றைப் பெருக்க வேண்டும். 6 மீட்டர் வேகத்தில் அந்த வட்டத்துக்கு வருவதே 322 வாட். அதில் 300 எடுப்பதாகச் சொல்கிறார்கள்.

ஏன் முடியாது? காற்றின் ஆற்றல் முழுவதையும் உறிஞ்ச வேண்டுமானால் இறக்கைக்குப் பின்னால் காற்று அப்படியே நின்றுவிட வேண்டும். நின்ற காற்று வழியை அடைக்கும். பின்னால் வரும் காற்று வட்டத்துக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். தடுக்காமலே விட்டாலோ ஒன்றும் கிடைக்காது. நடுவில் ஓர் இடம் இருக்கிறது: வந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கோடு காற்றை வெளியே அனுப்புவது.

அப்போது இறக்கையைக் கடக்கும் வேகம், முன் வேகத்துக்கும் பின் வேகத்துக்கும் சராசரி. அதாவது மூன்றில் இரண்டு. ஆகவே தடையில்லாமல் போயிருக்கக்கூடிய காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே வருகிறது. வந்த காற்று வெளியேறும்போது ஒன்பதில் ஒரு பங்கு ஆற்றலைக் கொண்டுபோகிறது. ஒன்பதில் எட்டை நாம் எடுக்கிறோம். இரண்டையும் பெருக்கினால் 16/27, அதாவது 59.3 சதவீதம். ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் 1920இல் வெளியிட்ட இந்தக் கணக்கைத்தான் பெட்ஸ் வரம்பு என்கிறார்கள். உராய்வே இல்லாத, குறையே இல்லாத இறக்கைக்கான உச்சம் அது.

உங்களுக்கு அந்த உச்சம் 191 வாட். இந்த அளவுள்ள நல்ல சிறு காற்றாலை எடுப்பது 30 சதவீதம் போல. 100 வாட் வந்தாலே நிறைவு. அச்சுக்கு வந்த சுழற்சியில் 93 சதவீதத்தை ஒரு நல்ல ஜெனரேட்டர் மின்சாரமாக்கலாம். அந்த எண்ணைத் தூக்கி முழு இயந்திரத்தின் மேல் ஒட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் மேல் தப்பில்லை. அச்சில் போட்டதை நம்பித்தான் பணம் கொடுத்தீர்கள். நோட்டீஸையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, முன்பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். அப்புறமும் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: மூன்று இறக்கைக்குப் பதிலாக ஆறு இருந்தால் மின்சாரம் இரட்டிப்பாகுமா? (குன்னூர்)

பதில்: ஆகாது, வரம்பு வட்டத்துக்கு, இறக்கையின் எண்ணிக்கைக்கு அல்ல.

கேள்வி: 1000 வாட் என்று வாங்கினேன், 100 வாட் கூட வரவில்லை. 2 மீட்டர் விட்டம். ஏமாற்றிவிட்டார்களா? (கோத்தகிரி)

பதில்: ஜெனரேட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்தீர்களா? 1000 வாட்டுக்குப் பக்கத்தில் 12 மீ/வி என்று இருக்கும். அது மணிக்கு 43 கிலோமீட்டர் காற்று. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு. மலைக்காற்றின் லேசான அடர்த்தியையும் சேர்த்தால் 12 மீட்டரில் உங்களுக்கு 775 வாட், 6 மீட்டரில் 97 வாட். இயந்திரம் சரியாகத்தான் வேலை செய்கிறது.

இதே பெட்டியை நானும் வாங்கினேன். விற்றவர் தகட்டைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. மொட்டைமாடியில், சவுக்கு மரங்களுக்குப் பின்னால் நட்டேன். காற்று திசை மாறி மாறி அடிக்க, வால் ஆடிக்கொண்டே இருந்தது. அம்மீட்டர் முள் 2 ஆம்பியரைத் தாண்டியதே அபூர்வம். பணம் போன வலி தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன்: ஒரு மாதமாவது கம்பத்தில் காற்றுமானி வைத்து அளக்காமல் இவ்வளவு பணத்தை எடுத்து நீட்டுவது சரியே இல்லை.

கேள்வி: இறக்கையைச் சுற்றிப் புனல் மாதிரி வளையம் வைத்தால் 70 சதவீதம் கிடைக்குமாம். இறக்கை விட்டம் 1 மீட்டர், வளையத்தின் வெளி விட்டம் 1.5 மீட்டர். பொய்யா? (கூடலூர்)

பதில்: பொய் என்று சொல்ல மாட்டேன். வளையம் கூடுதல் காற்றை உள்ளே இழுப்பது உண்மை. ஆனால் அந்த 70, இறக்கை வட்டத்தை மட்டும் வைத்துச் சொன்னது. உங்கள் இடத்தையும் பணத்தையும் பிடிப்பது வெளி வட்டம். அதன் பரப்பு 2.25 மடங்கு. அதற்குக் கணக்குப் போட்டால் 31 சதவீதம். வளையம் இல்லாத 1.5 மீட்டர் இறக்கையே கிட்டத்தட்ட அதைக் கொடுக்கும், ஆடி மாதப் பேய்க்காற்றில் கம்பத்தின் மேல் விழும் பாரமும் குறைவு.