வாசகர் கேள்வி-பதில்: ஒற்றைக் கையால் விளையாட என்ன வாங்கலாம்?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. போன வருஷம் மோட்டார் விபத்தில் வலது கை நரம்பு அடிபட்டுவிட்டது. தோளையும் முழங்கையையும் கொஞ்சம் அசைக்கிறான், முஷ்டியால் அழுத்த முடியும், விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. இடது கை நன்றாக இருக்கிறது. கார் ரேஸும் கதை உள்ள ஆட்டங்களும் பிடிக்கும். எல்லாரும் சேர்ந்து அவனுக்கு பிளேஸ்டேஷன் 5 வாங்கித் தரலாம் என்று இருக்கிறோம். ஈப்போ கடையில் கேட்டால், "இப்போ வர்ற எல்லா கேமிலும் பட்டனை மாத்திக்கலாம், கவலைப்படாதீங்க" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
- சுங்கை சிப்புட் வாசகி

பதில்: பட்டனை மாற்றலாம் என்பது நிஜம். ஆனால் அதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். சில ஆட்டங்களில் 'மாற்றலாம்' என்றால் தயாரித்தவர்கள் முன்கூட்டியே வைத்திருக்கும் மூன்று நான்கு அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதோடு சரி. அவை எல்லாமே இரண்டு கையும் உள்ளவருக்குப் போட்டவையாக இருக்கும். வேறு சில ஆட்டங்களில் ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாக மாற்றலாம், ஆனால் மெனுவுக்குள் போனால் பழைய பட்டன்தான் வேலை செய்யும். அப்புறம், ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைத் தட்டச் சொல்லும் ஆட்டம் என்றால், பட்டனை எங்கே மாற்றினாலும் ஒற்றைக் கைக்கு அது எட்டாமல் போகலாம். அதனால் கடைக்காரரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: அழுத்திப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டு தட்டினால் போதும் என்று மாற்ற வழி இருக்கிறதா? பெரும்பாலும் அதற்குப் பதில் வராது.

பிளேஸ்டேஷன் 5-ல் ஒரு நல்ல விஷயம், ஆட்டம் விட்டுக்கொடுக்காவிட்டாலும் மிஷினே பட்டனை மாற்றிக் கொடுக்கும். `Settings > Accessibility > Controllers` என்று போனால் `Custom Button Assignments` என்ற பகுதி வரும். தம்பிக்குக் கார் ரேஸ் பிடிக்கும் என்பதால் Forza Horizon 5-ஐ வைத்தே சொல்கிறேன். அது 2025 ஏப்ரலிலிருந்து பிளேஸ்டேஷன் 5-லும் கிடைக்கிறது. வழக்கமாக அதில் இடது கட்டைவிரல் ஸ்டிக்கால் காரைத் திருப்பும், வலது கையின் R2 கேஸ், இடது கையின் L2 பிரேக். தம்பிக்கு எட்டாதது R2. ஆகவே இடது பக்க L2-வை R2 ஆக்குங்கள், அதற்கு மேலே இருக்கும் L1-ஐ L2 ஆக்குங்கள். இப்போது கட்டைவிரல் திருப்புகிறது, நடுவிரல் கேஸ் கொடுக்கிறது, ஆள்காட்டி விரல் பிரேக் பிடிக்கிறது. மெனுவில் 'சரி' சொல்ல × பட்டன் வேண்டுமே, அதை ஸ்டிக்கை உள்ளே அமுக்கும் L3-க்குக் கொடுத்துவிடுங்கள். கியர் தானாக மாறும்படி வைத்தால் இவ்வளவே போதும்.

இதில் இரண்டு சிக்கல் வரும். L2 ஆழம் பார்த்து அழுத்தும் விசை, கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம் வேலை செய்யும். L1 அப்படியில்லை, தொட்டால் முழுசாகப் பிடித்துவிடும். எனவே பிரேக் ஒரே குலுக்கலாக விழும், சக்கரம் வழுக்கும். ஆட்டத்தின் உதவி அமைப்பில் ABS-ஐ எடுக்காமல் விட்டுவிட்டால் சமாளிக்கலாம். இன்னொன்று, மிஷின் மட்டத்தில் மாற்றியது ஆட்டத்துக்குத் தெரியாது. திரையில் அது "R2 அழுத்து" என்றே சொல்லிக்கொண்டிருக்கும், தம்பி அழுத்த வேண்டியது L2. முதல் வாரம் குழம்பும். ஒரு சின்னத் தாளில் எழுதித் தொலைக்காட்சிக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். அந்த ஆட்டத்தில் தனியாக ஆடும்போது ஆட்ட வேகத்தையே குறைக்கவும் வழி இருக்கிறது, ஆரம்பத்தில் அதையும் பயன்படுத்தலாம்.

கதை ஆட்டம் என்றால் என் தேர்வு The Last of Us Part II. 2020-ல் வந்தது, பிளேஸ்டேஷன் 5-க்குப் புதுப்பித்த பதிப்பும் இருக்கிறது. இடது கை மட்டும், வலது கை மட்டும் என்று தயாரான கட்டுப்பாட்டு அமைப்பே அதில் உண்டு. கேமரா தானாகப் பின்தொடரும், துப்பாக்கி தானாகக் குறியைப் பிடிக்கும், அழுத்திப் பிடிப்பதைத் தட்டுவதாக மாற்றலாம். வலது ஸ்டிக் இல்லாத ஆளுக்கு இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் கேமரா. அதைத் தானாகத் திருப்பாத ஆட்டத்தை ஒற்றைக் கையால் ஆடுவது ரொம்ப அலுப்பு. ஒரு எச்சரிக்கை: ரத்தமும் வன்முறையும் நிறைந்த ஆட்டம் அது, ஹாலில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது போட வேண்டாம்.

Access controller என்று சோனி தனியாக ஒன்று விற்கிறது. 2023 டிசம்பரில் வந்தது. தட்டையான வட்டம், மேசைமேல் கிடக்கும், கையில் பிடிக்கவே வேண்டாம். சுற்றிலும் பட்டன்கள், ஒரு ஸ்டிக், பட்டன்மேல் மாட்டும் மூடிகளையும் மாற்றிக்கொள்ளலாம். பெரிய மூடி போட்டால் தம்பியின் முஷ்டிக்கு அது சரியாகப் பொருந்தலாம். ஆனால் அதிலும் ஒரே ஒரு ஸ்டிக்தான். எனவே வழக்கமான கன்ட்ரோலரோடு சேர்த்துத்தான் பெரும்பாலும் ஆட வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே கன்ட்ரோலர்போல சேர்க்க மிஷினே இடம் கொடுக்கிறது. இடது கையில் சாதாரண கன்ட்ரோலர், வலது முஷ்டிக்குக் கீழே இந்த வட்டம். பிளேஸ்டேஷன் 4-ல் இது வேலை செய்யாது, பழைய மிஷின் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாரும் ஆசைப்பட்டு வாங்கிவிட வேண்டாம். எல்லாவற்றையும் முதல் நாளே வாங்காதீர்கள் என்பது என் கருத்து. ஒரு மாதம் சாதாரண கன்ட்ரோலரோடு ஆடட்டும். எந்தப் பட்டன் எட்டவில்லை என்று அவனே சொல்வான், அப்போது வாங்கினால் போதும். அதுவரை நீங்கள் உதவலாம். இரண்டாவது கன்ட்ரோலரை உதவிக் கன்ட்ரோலராகச் சேர்த்தால் இரண்டு பேரும் ஒரே ஆளை இயக்கலாம், வலது பக்க வேலையை அக்கா பார்த்துக்கொள்ளலாம்.

செலவில்லாத வேலைகள் இரண்டு. `Settings > Accessories > Controllers` பகுதியில் `Trigger Effect Intensity` என்பதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில ஆட்டங்களில் L2, R2 விசைகள் வேண்டுமென்றே இறுகும், அந்த எதிர்ப்பைத் தள்ளித் தள்ளி விரல் வலிக்கும். அடுத்தது, கன்ட்ரோலரை மடியில் வைக்காமல் மேசைமேல் வைத்து, அடியில் அலமாரித் தட்டில் விரிக்கும் ரப்பர் வலையில் ஒரு துண்டு போடுங்கள். இரண்டு வெள்ளிக் கடையிலேயே கிடைக்கும். ஒற்றைக் கையால் ஆடும்போது கன்ட்ரோலர் நழுவுவதுதான் பாதிச் சோர்வுக்குக் காரணம்.

இனி பணத்தைக் காப்பாற்றும் பேச்சு. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கிய ஆட்டத்தை டவுன்லோட் பண்ண ஆரம்பித்துவிட்டால், பழுது இருந்தால் ஒழியப் பணம் திரும்பாது. எனவே வாங்குவதற்கு முன் அந்த ஆட்டத்தின் பக்கத்தில் △ அழுத்தி அணுகல் வசதிப் பட்டியலைப் பாருங்கள். வசதி இருக்கிறது என்று அது சொல்லும், எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்லாது. அதற்கு ஒரு கைக்காரர் ஆடும் வீடியோவைத் தேடிப் பார்ப்பது நல்லது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடை இன்னும் வசதி: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். Slay the Spire போன்ற சீட்டாட்ட வகையை மௌஸால் மட்டுமே, இடது கையாலேயே ஆடிவிடலாம். அவசரமே இல்லாத ஆட்டம்.

கடையில் பொருள் வாங்கும்போது வாய்ப்பேச்சோடு நிற்காமல் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "தம்பியால் இடது கையால் மட்டுமே ஆட முடியும், அதற்கு இந்தக் கன்ட்ரோலர் பொருந்துமா?" பொருந்தும் என்று பதில் வந்தால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 33-ன்படி, எதற்காக வாங்குகிறீர்கள் என்று விற்பவரிடம் சொல்லி, அவர் பேச்சை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அட்டை அந்த உரிமையை எடுத்துவிடாது. கடை ஒத்துக்கொள்ளாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனு கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, வக்கீல் தேவையில்லை. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் வழக்கு பலவீனம், அதனால்தான் வாட்ஸ்அப்பை வலியுறுத்துகிறேன்.

கேள்வி: என் மகனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. செம்பனைக் குலை பழுத்ததா என்று தாத்தா கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிய வந்தது. கலர் பிளைண்ட் மோட் இருக்கிறது என்று ஒரு கேம் வாங்கினோம். படம் முழுக்க வேறு நிறமாக மாறுகிறதே தவிர எதிரி எங்கே என்று இன்னும் தெரியவில்லை. அதோடு, எழுத்தும் சின்னதாக இருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?
- தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஏமாற்று இல்லை, மட்டமான வசதி. நிறம் பிரியாதவர்களுக்கான மோட் இரண்டு விதம். திரை முழுக்க ஒரு வடிகட்டி போடுவது ஒன்று. அது புல், வானம், தோல் எல்லாவற்றின் நிறத்தையும் நகர்த்துகிறது, எதிரிக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம் கூடுவதில்லை. மற்றொன்று, எதிரியைச் சுற்றி வரும் கோடு, வரைபடப் புள்ளி போன்ற தேவையான பகுதிகளின் நிறத்தை மட்டும் மாற்ற விடுவது. தேட வேண்டியது இதைத்தான். கம்ப்யூட்டரில் இலவசமாக ஆடும் Valorant-ல் எதிரியைச் சுற்றிய சிவப்புக் கோட்டை மஞ்சளுக்கோ ஊதாவுக்கோ மாற்றலாம். உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு மஞ்சள், நீலமும் மஞ்சளும் பிரியாதவர்களுக்கு ஊதா.

அடுத்த ஆட்டத்தை வாங்குவதற்கு முன் அதன் வீடியோ ஒன்றைக் கைத்தொலைபேசியில் திறந்து, தொலைபேசித் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். தன் ஆள், எதிரி, ஆபத்து இவை வடிவத்தாலும் அடையாளக் குறியாலும் பிரிந்து தெரிந்தால் மகனுக்கும் தெரியும். நிறத்தை மட்டுமே நம்பிய ஆட்டம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதே வீடியோவில் வசன எழுத்தையும் பாருங்கள்: அளவைக் கூட்டலாமா, எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போடலாமா, பேசுவது யார் என்று பெயர் வருகிறதா. வீடியோவில் அமைப்புப் பக்கத்தைக் காட்டாவிட்டால் வேறு வீடியோ தேடுங்கள், வாங்கின பிறகு தேடாதீர்கள்.