வெட்டினால் போதுமா?

அன்புள்ள சார்,

வெறுங்கண்ணால் வானம் பார்ப்பது பற்றி ஒரு கூட்டத்தில் 40 நிமிடம் பேசினேன். அதையே நீண்ட கட்டுரையாகவும் எழுதிவைத்திருக்கிறேன். இரண்டையும் துண்டு துண்டாக்கி எக்ஸ், இன்ஸ்டாகிராம், ஷார்ட்ஸ், வாட்ஸப் என்று எல்லா இடத்திலும் போட்டேன். 25 துண்டுகள் தேறின. பெரும்பாலானவற்றை யாரும் கண்டுகொள்ளவில்லை. நிலவைப் பற்றிய ஒன்று மட்டும் பரவியது, அதுவும் நான் சொன்னதற்கு நேர்மாறாக. "அடிவானத்தில் நிலவு பக்கத்தில் வருவதால் பெரிதாகத் தெரிகிறது என்கிறாயே, அடிப்படைகூடத் தெரியாதா?" என்று திட்டுகிறார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. எப்படி வெட்டியிருக்க வேண்டும்? எல்லாத் தளத்துக்கும் ஒரே வாசகம் போதுமா? கட்டுரையையும் துண்டுகளையும் இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

தகராறான அந்த வாக்கியத்தைக் கட்டுரையில் தேடிப் பார்த்தேன். "அடிவானத்தில் இருக்கும்போது நிலவு பூமிக்கு நெருங்கி வந்துவிடுகிறது, அதனால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்." அடுத்த வாக்கியம் "ஆனால் உண்மை அதுவல்ல" என்று ஆரம்பிக்கிறது. கட்டுரையில் இது அழகாகவே இருக்கிறது. தப்பான எண்ணத்தை முதலில் நிற்கவைத்து அப்புறம் தள்ளிவிடுகிறீர்கள். மேடையிலும் இதற்குக் கைதட்டல் விழுந்திருக்கும்.

துண்டாக்கும்போது இதே நடை காலை வாருகிறது. ஒரு வாக்கியம் ஆமாம் என்கிறதா, இல்லை என்கிறதா, அது யாருடைய கருத்து என்பதெல்லாம் தமிழில் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். "என்று சொல்ல முடியாது", "என்பது தவறு", "என்று சிலர் நம்புகிறார்கள்" எல்லாம் வால் பகுதியில் இருக்கின்றன. இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் முதல் 125 எழுத்துக்குறிகள் வாக்கில்தான் கண்ணில் படும், மிச்சத்தைப் பார்க்கத் தட்ட வேண்டும். எண்ணிப் பார்த்தேன். உங்கள் வாக்கியம் ஏறக்குறைய "என்றுதான் நம்மில்" என்ற இடத்தில் மடிந்துவிடுகிறது. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் படித்தது "நெருங்கி வந்துவிடுகிறது, அதனால்தான் பெரிதாகத் தெரிகிறது" என்பதை மட்டுமே. வீடியோத் துண்டில் நிலைமை இன்னும் மோசம். "நினைத்துக்கொண்டிருக்கிறோம்" என்று நீங்கள் மூச்சு விட்ட இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள், "ஆனால்" அடுத்த துண்டுக்குப் போய்விட்டது. திட்டியவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் கண்டதும் கேட்டதும் அதைத்தான்.

ஆகவே மறுப்பு முதல் வாக்கியத்திலேயே வந்து அங்கேயே முடிந்துவிட வேண்டும். தப்பான கருத்தை எடுத்துச் சொல்லாமலே விடுவது இன்னும் நல்லது. நிலவுத் துண்டை நான் இப்படி மாற்றி எழுதுவேன்:

"அடிவானத்தில் நிலவு பெரிதாவதில்லை. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, சுண்டுவிரலால் அதை மறைத்துப் பாருங்கள். சில மணி நேரம் கழித்து அது மேலே ஏறியபின் மறுபடி பாருங்கள். இரண்டு தடவையும் விரலில் பாதி அகலம்தான்."

இதில் உங்கள் கட்டுரையின் வாக்கியம் ஒன்றுகூட இல்லை, கருத்து மட்டும் இருக்கிறது. சொல்ல வந்த விஷயம் ஒன்று, அதற்கு ஆதாரமாகப் படிப்பவரே செய்து பார்க்கக்கூடிய வேலை ஒன்று. உச்சியில் இருப்பதைவிட அடிவானத்தில் இருக்கும்போது நிலவு நம்மிடமிருந்து பூமியின் ஆரம் அளவுக்கு, ஏறக்குறைய 6,400 கிலோமீட்டர், கூடுதல் தொலைவில் இருக்கிறது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சுவாரசியமான செய்திதான். ஆனால் அதைத் தனித் துண்டாகப் போடுங்கள். இங்கே சேர்த்தால் படிப்பவர் விரலை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

மற்ற 24 துண்டுகளையும் பார்த்தேன். நீங்கள் முதல் பத்தியிலிருந்து கத்தரியோடு புறப்பட்டிருக்கிறீர்கள். அதனால் பாதிக்கு மேல் "இன்னொரு காரணம்", "இதனால்தான்", "மேலே சொன்ன அந்த 20 நிமிடம்" என்று தொடங்குகின்றன. எது முதல் காரணம், எதனால், எந்த 20 நிமிடம் என்று கட்டுரை படித்தவருக்குத் தெரியும், புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் துண்டை வாசித்துக் காட்டுங்கள். அவர் "எது?" என்று கேட்டால் அது இன்னும் தனியாக நிற்கவில்லை. உங்களுக்கு நீங்களே வாசித்துப் பார்த்தால் இது பிடிபடாது, விட்டுப்போனதை உங்கள் மனமே நிரப்பிக்கொள்ளும்.

வெட்டுவதற்குப் பதிலாக, கட்டுரையைப் பென்சிலோடு ஒருமுறை படித்து, ஒரு கேள்விக்குப் பதிலாக நிற்கக்கூடிய வரிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். நான் செய்து பார்த்தபோது எட்டுதான் வந்தன. இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், நடுவில் ஒருமுறை செல்போனைப் பார்த்தால் பழகியதில் பெரும்பகுதி போய்விடும் என்பது ஒன்று. விண்மீன் மின்னும், கோள் அவ்வளவாக மின்னாது என்பது ஒன்று. சிரியஸ் விண்மீனிலிருந்து இன்று நம் கண்ணில் படும் ஒளி எட்டரை ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது என்பது ஒன்று. மீதிப் பதினேழும் முன்னுரை, இணைப்பு வரி, மேடை நகைச்சுவை. 40 நிமிடப் பேச்சுக்கு எட்டு என்பது கௌரவமான எண்ணிக்கை.

ஒரு பகுதியைத் தொடவே வேண்டாம் என்பேன். நிலவு பெரிதாகத் தெரிகிற மயக்கம் மூளையில் ஏன் உண்டாகிறது என்று நீங்கள் விவாதிக்கும் இடம் அது. இன்னும் முடிவாகத் தீராத விஷயம். இரண்டு மூன்று விளக்கங்களை அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் ஓட்டையையும் காட்டியிருக்கிறீர்கள். அதை எக்ஸ் தரும் 280 எழுத்தில் சொன்னால் ஏதோ ஒரு விளக்கம் மட்டும் தீர்ப்பு மாதிரி ஆகிவிடும். அதைக் கட்டுரையிலேயே விட்டுவிட்டு, விரல் சோதனையின் முடிவில் "ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பது கட்டுரையில்" என்று இணைப்புக் கொடுங்கள். சோதனையைச் செய்து பார்த்தவருக்கு அந்தக் கேள்வி தானாக வந்திருக்கும், தட்டுவார்.

சரி, ஒரே வாசகம் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். போதாது, அதற்குக் காரணம் அளவு மட்டுமல்ல.

எக்ஸ் தளத்தின் 280 என்ற கணக்கை நாம் எழுத்து என்று நினைக்கிறோம். அது மெய்ப்புள்ளியையும் உயிர்மெய்க் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. "அடிவானத்தில்" நம் கணக்கில் ஏழெழுத்து, அங்கே 12. "நிலவு" மூன்றெழுத்து, அங்கே 5. எனவே தமிழில் சுமார் 30 சொற்களோடு இடம் தீர்ந்துவிடும். இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 என்றுதான் எண்ணப்படும். மேலே நான் எழுதிய நிலவுத் துண்டு சுமார் 200 வருகிறது, இணைப்போடு சேர்த்தாலும் அடங்கும். அடங்காத ஒன்றை இழையாகப் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு கண்ணியும் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். நான்காவது கண்ணியை மட்டும் யாராவது மறுபகிர்வு செய்வார்கள், அப்புறம் உங்கள் நிலவுக் கதைதான்.

வீடியோவில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் பதிவு அகலவாட்டில் எடுத்தது, நீங்கள் ஒரு பக்கம், திரை ஒரு பக்கம். அதை ஷார்ட்ஸுக்காக நெட்டுவாட்டில் நறுக்கினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் மிஞ்சும். நீங்கள் இருப்பீர்கள், திரை இருக்காது. "இங்கே பாருங்கள், இந்தப் புள்ளிதான் வியாழன்" என்று கையை நீட்டுகிறீர்கள், பார்க்கிறவருக்குச் சுவர்தான் தெரிகிறது. திரையைக் காட்டிப் பேசிய இடங்களை நறுக்காதீர்கள். செல்போனை நிமிர்த்தி வைத்து அந்த விஷயத்தை மட்டும் 40 விநாடியில் மறுபடி பேசி எடுங்கள். எடிட்டிங்கில் மல்லுக்கட்டுவதைவிட இது சீக்கிரம் முடியும். முதல் வாக்கியமே விஷயமாக இருக்கட்டும், வணக்கமும் பெயரும் வேண்டாம். ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்களுக்காகச் சப்டைட்டில் போடுங்கள், ஆனால் திரையின் அடிப்பகுதியில் வேண்டாம். அங்கே தளத்தின் பொத்தான்களும் தலைப்பும் வந்து எழுத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

இன்ஸ்டாகிராமுக்கு விரல் சோதனையை மூன்று ஸ்லைடாகப் பிரிக்கலாம்: அடிவானத்தில் நிலவும் விரலும், உச்சியில் நிலவும் விரலும், அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில். கேப்ஷனில் போடும் இணைப்பு அங்கே தட்டினால் திறக்காது, ஆகவே உங்கள் கணக்கின் முகப்பில் வையுங்கள். படத்துக்குள் எழுதியதைப் போட்டபின் திருத்தவும் முடியாது. எண்களையும் பெயர்களையும் படத்தில் குறைத்துக் கேப்ஷனில் எழுதினால் பிழை வந்தாலும் சரிசெய்துவிடலாம்.

வாட்ஸப்பில் ஒன்றே ஒன்று. அங்கே துண்டு உங்கள் கையை விட்டுப் போய்விடும். பத்துக் குழு தாண்டியபின் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று எவருக்கும் தெரியாது. ஆகவே பெயர், தேதி, கட்டுரை இணைப்பு மூன்றும் செய்திக்குள்ளேயே இருக்கட்டும், அதுவும் கடைசியில் இல்லாமல் முதல் வரிக்கு அடுத்து. கடைசி வரியை வெட்டிவிட்டு அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

கூடவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அது பேச்சில் எந்த நிமிடத்தில் வருகிறது, எங்கெங்கே எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று எழுதினால் போதும். கட்டுரையில் ஒரு தகவலைத் திருத்துகிற நாளில், அது எத்தனை இடத்தில் பழைய வடிவில் கிடக்கிறது என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

உடனடியாகச் செய்ய வேண்டியது, பரவிக்கொண்டிருக்கும் நிலவுத் துண்டை நீக்குவதுதான். அதன் கீழே விளக்கம் எழுதி வைக்காதீர்கள். பதிவைப் பகிர்கிறவர் விளக்கத்தைப் பகிர மாட்டார், நீங்கள் எழுதும் ஒவ்வொரு மறுமொழியும் அந்தத் துண்டை இன்னும் நாலு பேர் கண்ணில் காட்டும். நீக்கிவிட்டு மறுநாள் விரல் சோதனையைப் போடுங்கள். பழையதை நீக்கியதாக ஒரு வரி தனியாகச் சொன்னால் போதும். வாட்ஸப்பில் பிறர் அனுப்பியதைத் திரும்பப் பெற வழியில்லை. எந்தக் குழுக்களுக்கு நீங்கள் நேரடியாக அனுப்பினீர்களோ அவற்றுக்குப் புதியதை அனுப்பிவிடுங்கள்.