கம்பெனி தந்த வீட்டுக்கு முழு வாடகையும் வருமானமா?

கேள்வி: சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2025 ஏப்ரல் முதல் நிறுவனம் எனக்காக ஒரு வீடு எடுத்துத் தந்திருக்கிறது. ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில் உள்ளது. மாத வாடகை 25,000 ரூபாயை அவர்களே உரிமையாளருக்கு அனுப்புகிறார்கள். என் சம்பளத்தில் 2,000 பிடிக்கிறார்கள். கட்டில், பிரிட்ஜ், ஏசி எல்லாம் நிறுவனம் வாங்கிப் போட்டவை. விலை 1,20,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000, சிறப்புப் படி 20,000, தீபாவளி போனஸ் 40,000. நான் புதிய வரி முறையில் இருக்கிறேன். கணக்குப் பிரிவினர் வாடகை 3,00,000 ரூபாயை அப்படியே என் வருமானத்தில் சேர்த்து, டிசம்பரிலிருந்து மாதம் 6,500 ரூபாய் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். இது சரியா ஐயா?

பதில்: சரியில்லை. உங்கள் கணக்குப் பிரிவினர் எங்கே தடுமாறியிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. ஒப்பந்தம் ஊழியரின் பெயரில் இருந்து, அவர் கட்ட வேண்டிய வாடகையை நிறுவனம் கட்டினால், அந்தத் தொகை முழுவதும் வரிக்கு உட்பட்டதுதான். ஊழியரின் கடனை நிறுவனம் அடைத்ததாகச் சட்டம் பார்க்கிறது. ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் நிலைமை வேறு. அப்போது உங்களுக்குக் கிடைப்பது பணம் அல்ல, குடியிருக்கும் வசதி. அதற்கு எவ்வளவு மதிப்புப் போடுவது என்பதை வருமான வரி விதிகள் 1962-இன் 3-ஆவது விதி சொல்கிறது.

நிறுவனம் வாடகைக்கு எடுத்துத் தரும் வீட்டுக்கு, அது கொடுக்கும் வாடகை அல்லது உங்கள் சம்பளத்தில் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுதான் மதிப்பு. 2023 செப்டம்பருக்கு முன் இது 15 சதவீதமாக இருந்தது. நிறுவனத்துக்கே சொந்தமான வீடாக இருந்தால் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 10, 7.5, 5 சதவீதம் என்று விகிதம் மாறும். வாடகை வீட்டுக்கு அந்தக் கேள்வியே எழாது. சென்னையானாலும் சிவகாசியானாலும் 10 சதவீதம்தான்.

இங்கே ‘சம்பளம்’ என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்தால் மதிப்பு குறைந்துவிடும். பின்னால் துறை கேள்வி கேட்டால் பதில் சொல்வது கடினம். சி.டி.சி. முழுவதையும் எடுத்தால் மதிப்பு வீணாக ஏறும். வரிக்கு உட்பட்ட படிகளும் போனஸும் கணக்கில் சேரும். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, வரிவிலக்குப் பெற்ற படிகள், மற்றச் சலுகைகளின் மதிப்பு ஆகியவை சேராது. ஓய்வூதியப் பலன்களுக்குக் கணக்கில் வராத அகவிலைப்படியும் சேராது.

உங்கள் கணக்குக்கு வருவோம். அடிப்படைச் சம்பளம் 7,20,000, படி 2,40,000, போனஸ் 40,000, மொத்தம் 10,00,000. அதில் 10 சதவீதம் 1,00,000. இது வாடகையான 3,00,000-ஐ விடக் குறைவு என்பதால் இதையே எடுக்க வேண்டும். வீட்டில் நிறுவனம் போட்டிருக்கும் பொருள்களுக்கு அவற்றின் விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம், அதாவது 12,000 கூடும். நீங்கள் கொடுக்கும் 2,000 ரூபாய் ஆண்டுக்கு 24,000 ஆகிறது. அதைக் கழிக்க வேண்டும். ஆக, உங்கள் சம்பளத்தோடு சேர வேண்டியது 88,000 ரூபாய் மட்டுமே.

அவர்கள் கணக்குப்படி வருமானம் 13,00,000. நிலையான கழிவு 75,000 போனால் 12,25,000. புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை; அதைச் சற்றே தாண்டினால், தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது. இது 12 லட்சத்தை 25,000 ரூபாய் தாண்டுவதால் வரி 25,000, செஸ் சேர்த்து 26,000. மாதம் 6,500 வீதம் நான்கு மாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். சரியான கணக்கில் வருமானம் 10,88,000. கழிவு போக 10,13,000. வேறு வருமானம் இல்லையென்றால் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி ஒரு ரூபாய்கூட இல்லை.

நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாக, மேலே உள்ள கணக்கையும் வீட்டு ஒப்பந்த நகலையும் இணைத்து, மார்ச் சம்பளப் பட்டியல் தயாராவதற்குள் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுவார்கள். திருத்தினால் இனிமேல் பிடித்தம் நிற்கும். ஏற்கெனவே அரசுக்குச் செலுத்திவிட்ட தொகையை நிறுவனம் கையில் எடுத்துத் தராது. நீங்கள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்டாகப் பெற வேண்டும்.

ஆண்டு முடிந்ததும் படிவம் 16-உடன் வரும் படிவம் 12பிஏ-வைப் பாருங்கள். முதல் வரிசையே குடியிருப்பு வசதிதான். சலுகையின் மதிப்பு, உங்களிடம் வசூலித்த தொகை, வரிக்கு உட்பட்ட தொகை என்று மூன்று எண்கள் இருக்கும். வசூலித்த இடத்தில் பூஜ்யம் இருந்தால் உங்கள் 24,000 ரூபாயை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று பொருள். தவறு அங்கே தொடர்ந்தால், டி.டி.எஸ். அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்து புதிய படிவம் 16 தரும்படி கேளுங்கள். மறுத்தால், சரியான தொகையைக் காட்டியே தாக்கல் செய்யலாம். ஆனால் படிவத்துக்கும் உங்கள் கணக்குக்கும் வேறுபாடு இருப்பதாக நோட்டீஸ் வரக்கூடும். ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், பொருள்களின் விலைப் பட்டியல் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.